பேச்சுக்கு இடம் விட்ட பத்து வினாடி: ஒரு பாட்காஸ்ட் ஜிங்கிள் உருவான விதம்

தோழி ஒருத்தி தன் நண்பருடன் சேர்ந்து புத்தகங்களைப் பற்றி அரை மணி நேர பாட்காஸ்ட் ஒன்று தொடங்கினாள். தொடக்கத்தில் ஒலிக்க ஒரு சின்ன இசைத்துண்டு வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். மூன்று நிபந்தனைகள் போட்டாள். மென்பொருளுக்குச் செலவு செய்யக் கூடாது. பின்னாளில் விளம்பரம் வந்தாலும் உரிமச் சிக்கல் வரக் கூடாது. கேட்பவர்களுக்கு "ஐயோ, மறுபடி இதுவா" என்று தோன்றக் கூடாது. இசையமைக்க LMMS, ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, ஒலி அளவை அளக்க ffmpeg என்று மூன்று இலவச மென்பொருள்களை வைத்தே முடித்தேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். மெட்டிலிருந்து தொடங்காமல் பேச்சிலிருந்து தொடங்கியதுதான் இதில் பெரிய வேறுபாடு, பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் அதை ஒட்டியே வந்தன.

முதலில் குரல்

அறிமுகத்தில் யாராவது ஒருவர் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கமாக இசையை முழுதாக முடித்துவிட்டு, குரல் வரும் இடத்தில் அதன் ஒலியை இறக்குவார்கள். ஆடாசிட்டியில் `Auto Duck` என்று அதற்கு ஒரு எஃபெக்டே இருக்கிறது. நீளமான பின்னணி இசைக்கு அது சரி. பத்து வினாடிக்குள் இசை ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் யாரோ திருகைப் பிடித்து ஆட்டுவது போலக் கேட்கும். அதனால் குரல் வரும் இடத்தில் மெட்டே இல்லாதபடி அமைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மெட்டு ஒரு கேள்வி கேட்கும், குரல் பேசும், மெட்டு பதில் சொல்லும்.

அதற்குக் குரலின் நீளம் தெரிய வேண்டும். "நீ சாதாரணமா சொல்ற மாதிரியே சொல்லி அனுப்பு, அவசரப்படாதே" என்று கேட்டு வாங்கினேன். பெயரும் அதை ஒட்டிய ஒரு வரியும் சேர்த்து 4.3 வினாடி. முன்னும் பின்னும் மூச்சு விடக் கொஞ்சம் இடம் கொடுத்தால் 5 வினாடி. இதை இரண்டு பார்களில் அடக்க முடிந்தால் கணக்கு அழகாக வரும். பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று. பாருக்கு நான்கு தாள அடி, ஆக எட்டு அடி ஐந்து வினாடியில் ஓட வேண்டும். 60-ஐ எட்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 96. டெம்போ அப்படித்தான் நிமிடத்துக்கு 96 என்று வந்தது. ஒரு பார் சரியாக 2.5 வினாடி.

முதல் பாரில் கேள்வி, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் குரல், நான்காவதில் பதில். மொத்தம் 10 வினாடி. இதற்கு மேல் நீட்ட எனக்கு மனமில்லை, அதற்குக் காரணமும் உண்டு. பாட்காஸ்ட் செயலிகளில் முன்னோக்கித் தாவும் பொத்தான் பெரும்பாலும் 15 அல்லது 30 வினாடி தாவுகிறது. அறிமுகம் இழுத்துக்கொண்டே போனால் கேட்பவரின் விரல் அந்தப் பொத்தானுக்குப் போகும். இசை முடியும் இடத்தில் அது துல்லியமாக நிற்காது, பேச்சின் முதல் வரிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். பத்து வினாடிக்காகப் பெரும்பாலும் யாரும் கையை எடுப்பதில்லை.

எந்த ஸ்வரம், எந்த மனநிலை

முதல் பாருக்கு நான்கு ஸ்வரங்கள் போதும் என்று தோன்றியது. D-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டேன். முதலில் போட்டது ஸ, க, ப, ரி. காந்தாரத்தை அந்தர காந்தாரமாக வைத்தால் குழந்தைகள் நிகழ்ச்சி போலத் துள்ளியது. அரை ஸ்வரம் இறக்கிச் சாதாரண காந்தாரமாக வைத்தால் ஏதோ துக்கச் செய்தி வரப்போவது போல இருந்தது. இந்த நிகழ்ச்சியில் ஒரு வாரம் நகைச்சுவை நாவலைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்த வாரம் போரில் பிள்ளையை இழந்த தாயின் நினைவுக் குறிப்பைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டுக்கும் இதே பத்து வினாடிதான் முன்னால் ஒலிக்கும்.

மகிழ்ச்சியா சோகமா என்று முடிவு செய்யும் ஸ்வரம் காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டு மத்தியமத்தை வைத்தேன்: ஸ, ம, ப, ரி. LMMS-இன் பியானோ ரோலில் இது D, G, A, E. ஸ ஒரு அடி, ம அரை அடி, ப அரை அடி, ரி இரண்டு அடி. கடைசியில் ரிஷபம் நிற்பதுதான் எனக்கு முக்கியம். ஸட்ஜத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு அங்கே போய்ச் சேராமல் நிற்கும்போது காது தானாக அடுத்ததற்குக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்குள் தோழியின் குரல் வருகிறது. குரல் முடிந்ததும் நான்காவது பாரில் ப அரை அடி, பிறகு ஸ. அவ்வளவுதான் மெட்டு.

குரலுக்கு அடியில் வெறும் நிசப்தம் இருந்தால் இசை அறுந்து விழுந்தது போல இருக்கும். அதற்காக ஸவும் பவும் மட்டும் சேர்ந்த மெல்லிய நீளொலி ஒன்றை முதல் பாரின் நடுவில் தொடங்கி நான்காவது பார் வரை ஓடவிட்டேன். இங்கேயும் காந்தாரம் இல்லை.

மரச்சத்தம் செய்தது

மரிம்பா போன்ற மரக்கட்டை ஒலி வேண்டும் என்று நினைத்தேன். தட்டியவுடன் எழுந்து சட்டென்று அடங்கிவிடும் என்பதால் குரலின் மேல் வழியாது. ரெடிமேடாகச் சாம்பிள்கள் கிடைக்கும். ஆனால் மூன்று அலைகளைக் கலந்து ஒலி உருவாக்க LMMS-இல் இருக்கும் TripleOscillator-இலேயே செய்துவிட்டால் உரிமம் பற்றிய ஒரு கேள்வி குறையும் என்று அதில் இறங்கினேன்.

மரிம்பாவின் கட்டைகளை அடிப்பக்கம் குடைந்து சுருதி சேர்க்கும்போது, அடிப்படை ஸ்வரத்தோடு அதற்கு நான்கு மடங்கு அதிர்வெண்ணில், அதாவது இரண்டு ஸ்தாயி மேலே, இன்னொரு ஒலியும் கேட்கும்படி செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் வேலை சுலபம். முதல் ஆஸிலேட்டரில் சைன் அலை. இரண்டாவதிலும் சைன் அலைதான், ஆனால் கோர்ஸ் டீட்யூனிங் திருகை +24 அரை ஸ்வரத்துக்கு ஏற்றி, ஒலியை முதலாவதில் கால் பங்குக்கும் கீழே வைத்தேன். மூன்றாவதின் ஒலியைப் பூஜ்யமாக்கினேன்.

அப்புறம் `ENV/LFO` பகுதியில் ஒலி அளவு எப்படி ஏறி அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் என்வலப். `ATT` பூஜ்யம், `HOLD` பூஜ்யம், `SUST` பூஜ்யம், `DEC` மட்டும் சுமார் அரை வினாடியில் அடங்குகிற அளவு. இங்கே பலரும் குழம்பும் ஒரு திருகு உண்டு: `AMT`. அது பூஜ்யத்தில் இருக்கும்வரை மற்றவற்றை எப்படித் திருகினாலும் ஒரு மாற்றமும் கேட்காது, ஆர்கன் போல நீண்டுகொண்டே இருக்கும். அதை முழுதாக ஏற்றிய பிறகுதான் கட்டையில் தட்டியது போன்ற ஒலி வரும். என்வலப் அடங்கும் வரை ஒலிக்கும்படி பியானோ ரோலில் நோட்டின் நீளத்தையும் தாராளமாக வரைய வேண்டும். நோட்டு குட்டையாக இருந்தால் ஒலி நடுவில் வெட்டுப்படும்.

உண்மையான கட்டையில் மேல் ஒலி கீழ் ஒலியைவிட வேகமாக அடங்கிவிடும். ஒரே என்வலப் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் TripleOscillator-இல் அது நடக்கவில்லை, கொஞ்சம் பொம்மைப் பியானோ வாசனை அடித்தது. மேல் ஒலியை மட்டும் தனி டிராக்காகப் பிரித்து அதன் `DEC`-ஐக் குறைத்தேன். அதற்குப் பிறகுதான் மரம் மரமாகக் கேட்டது.

மெட்டின் ஸட்ஜத்தை 587 ஹெர்ட்ஸில் வைத்தேன். அதன் மேல் ஒலி 2,350 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. பேச்சில் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கக் காரணமான பகுதியும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. மெட்டு குரலோடு சேர்ந்து ஓடியிருந்தால் "ட"வும் "க"வும் மங்கியிருக்கும். இரண்டும் வேறு வேறு பாரில் இருப்பதால் ஈக்வலைசரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

நீளொலிக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட்டேன். முதலில் அதை 147 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்தில் வைத்தேன். ஹெட்போனில் இதமாக இருந்தது, போனின் சிறிய ஸ்பீக்கரில் போட்டால் சுத்தமாக மறைந்துவிட்டது. அந்த ஸ்பீக்கர்கள் அவ்வளவு கீழே போகாது. ஒரு ஸ்தாயி ஏற்றி 294, 440 ஹெர்ட்ஸ் என்று வைத்ததும் போனிலும் கேட்டது. ஆனால் இப்போது குரலின் பக்கத்திலேயே வந்துவிட்டது. அதனால் லோ-பாஸ் ஃபில்டர் போட்டு 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைக் குறைத்து, குரலைவிட 20 டெசிபெல் அளவுக்கு இறக்கினேன். "பின்னாடி ஏதாவது ஓடுதா?" என்று கேட்டால் யோசித்துப் பார்த்துத்தான் ஆமாம் என்பார்கள். ஆனால் அதை எடுத்துவிட்டால் உடனே தெரியும். அந்த அளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

புரட்டும் தாளும் உரிமமும்

புத்தக நிகழ்ச்சி என்பதால் முதல் ஸ்வரத்துக்கு முன்னால் தாள் புரட்டும் சத்தம் வைக்கலாமே என்று தோழி கேட்டாள். ஒலிப்பதிவுகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் தேடினோம். அவளுக்குப் பிடித்த பதிவு CC BY-NC என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தது. வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இப்போது அவளுக்கு வருமானம் எதுவும் இல்லைதான். நாளை ஒரு விளம்பரதாரர் வந்தால் அன்றைக்கு ஜிங்கிளையே மாற்ற வேண்டும், பழைய எபிசோடுகளையும் என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். அறிமுக இசை ஒவ்வொரு எபிசோடிலும் இருப்பதால், அதில் ஒட்டியிருக்கும் நிபந்தனையும் ஒவ்வொரு எபிசோடுக்கும் வந்துவிடுகிறது.

CC BY என்றால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் ஒலியின் பெயர், செய்தவர் பெயர், எடுத்த இடம், உரிமத்தின் இணைப்பு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும், மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நியாயமான நிபந்தனைதான். ஆனால் எல்லா எபிசோடின் குறிப்பிலும் மறக்காமல் போட வேண்டும். ஒருவருடைய முழு இசையைப் பயன்படுத்தினால் நான் அதை மகிழ்ச்சியோடு செய்வேன். அரை வினாடித் தாள் சத்தத்துக்காக ஒவ்வொரு வாரமும் ஒரு கடமையைச் சுமக்க வேண்டாம் என்று தோன்றியது. CC BY-ND என்றால் மாற்றியமைத்து வெளியிட அனுமதி இல்லை, வெட்டி ஒட்டும் இந்த வேலைக்கு அது ஒத்துவராது. பாக்கி CC0. பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆனாலும் பதிவேற்றியவர் உண்மையிலேயே தானே பதிவு செய்தாரா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது. வேறு எங்கிருந்தோ எடுத்ததை CC0 என்று போட்டிருந்தால் அந்த உரிமத்துக்கு மதிப்பில்லை. அவருடைய மற்ற பதிவுகளையும், எந்த மைக்கில் எங்கே பதிவு செய்தேன் என்ற குறிப்பையும் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

எதை எடுத்தாலும் பதிவிறக்கும் அன்றே அந்தப் பக்கத்தை, உரிமத்தின் பெயரும் தேதியும் தெரியும்படி, படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தவர், அதன்படி ஏற்கெனவே பெற்றவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. ஆனால் பக்கத்தை நீக்கலாம், இனி வருபவர்களுக்கு வேறு உரிமம் போடலாம். அப்போது நம்மிடம் இருக்கும் சான்று அந்தப் படம் மட்டும்தான்.

கடைசியில் தோழியே வீட்டில் ஒரு தாளைப் புரட்டிப் போனில் பதிவு செய்து அனுப்பினாள். உரிமப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் போன் ஸ்பீக்கரில் கேட்டபோது அது தாள் என்றே தெரியவில்லை, மைக் உரசியது போல இருந்தது. தாள் சத்தம் பெரும்பாலும் இரைச்சல்தான், கண்ணால் பார்க்கும்போதுதான் அது தாள் ஆகிறது. எபிசோடின் முதல் நொடியிலேயே பதிவில் ஏதோ கோளாறு என்று கேட்பவர் நினைக்கக் கூடாது. அதை எடுத்துவிட்டோம்.

பழைய மெட்டு ஒன்றை ஒரு பழைய பதிவிலிருந்து வெட்டி எடுக்கலாமா என்ற பேச்சும் நடுவில் வந்தது. மெட்டுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்திருக்கலாம். அதைப் பாடிப் பதிவு செய்த ஒலித்தட்டுக்குத் தனி உரிமை உண்டு, அதன் காலம் வேறு. மெட்டு பொதுச் சொத்து என்றால் அதை நாமே வாசிக்கலாம். ஆனால் பிறர் வாசித்ததையும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. திரும்பத் திரும்ப ஓடவிடுவதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் இசைத்துண்டுகளான லூப்புகளையும் இதே எச்சரிக்கையோடுதான் தவிர்த்தேன். ஒரே லூப்பை ஆயிரம் பேர் பயன்படுத்தலாம், அவர்களில் ஒருவர் தன் பாட்டைத் தானியங்கி அடையாளச் சேவையில் பதிந்துவிட்டால் நம் எபிசோடு மீதும் உரிமைக் கோரிக்கை வரும்.

LMMS கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது. அந்த உரிமம் நிரலுக்குத்தான், அதில் நாம் செய்யும் இசைக்கு இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வரும் சாம்பிள்களும் டெமோ பாடல்களும் வேறு கணக்கு, எடுத்தால் அவற்றின் உரிமத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆஸிலேட்டரிலிருந்து நாமே செதுக்கிய ஒலிக்கு இந்த வேலையே இல்லை.

சேர்த்ததும் அளந்ததும்

LMMS-இலிருந்து வேவ் கோப்பாக எடுத்தேன். எம்பி3-ஆக எடுத்தால் குறியாக்கியே தொடக்கத்தில் சிறு நிசப்தத்தைச் சேர்த்துவிடும், 2.5 வினாடிக் கணக்கு நகர்ந்துவிடும். பின்னர் எபிசோடை எம்பி3 ஆக்கும்போது இரண்டாவது முறையாகத் தரமும் குறையும். லூப்பாக ஏற்றுமதி செய்யும் தேர்வை விட்டுவிட்டேன், கடைசி ஸட்ஜத்தின் ரிவர்ப், அதாவது எதிரொலி போல நீளும் வால், முழுதாக அடங்க இடம் வேண்டும்.

ஆடாசிட்டியில் குரலை 2.85 வினாடியில் தொடங்கும்படி நகர்த்தினேன். 7.15-இல் முடிகிறது, 7.5-இல் பதில் ஸ்வரம் எழுகிறது. இரு பக்கமும் மூன்றில் ஒரு வினாடி இடைவெளி. குரலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி ரிஷபம் அடங்குவதற்குள் பேச வைத்தும் பார்த்தேன். அவள் தன் இசையையே அவசரப்பட்டு இடைமறிப்பது போல இருந்தது, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஒலி அளவுதான் அடுத்த வேலை. காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை LUFS என்ற அலகில் அளக்கிறார்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைப்பது −16, ஒன்று கூடக் குறைய இருக்கலாம், உச்சம் −1 டெசிபெலைத் தாண்டக் கூடாது. இசையை மட்டும் தனியாக −16-க்கு நார்மலைஸ் செய்யும் ஆசை வரும். தட்டு ஒலிகளுக்கு அது பொருந்தாது. தட்டியவுடன் உச்சம் மிக உயரமாகவும், பிறகு சட்டென்று தாழ்வாகவும் இருப்பதால் சராசரி குறைவாக வரும். சராசரியை −16-க்குத் தூக்கினால் உச்சங்கள் கூரையில் இடிக்கும், காதுக்குக் குரலைவிட உரக்கத் தெரியும். நான் குரலை முதலில் −16-க்குக் கொண்டுவந்தேன். பிறகு கண்ணை மூடிக் கேட்டு, மெட்டு குரலைவிட ஒரு மயிரிழை தாழ்வாக இருக்கும்வரை இறக்கினேன். அதற்கப்புறம்தான் முழுவதையும் அளந்தேன்:

```
ffmpeg -i intro.wav -af loudnorm=I=-16:TP=-1:dual_mono=true:print_format=summary -f null -
```

இது கோப்பை மாற்றாது, அளந்து மட்டும் சொல்லும். `Input Integrated` என்ற வரியில் −17-க்குப் பக்கத்தில் வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

அதில் உள்ள `dual_mono=true`-வை விட்டுவிடாதீர்கள். எபிசோடு மோனோ என்பதால் அறிமுகத்தையும் மோனோ ஆக்கியிருந்தேன். மோனோ கோப்பை ஒரே சேனலாக அளந்தால், இரு ஸ்பீக்கரிலும் அது கேட்கும் அளவைவிட 3 குறைவாகக் காட்டும். அதை நம்பி ஏற்றினால் அறிமுகம் மட்டும் 3 டெசிபெல் அதிகமாக அலறும். ஆடாசிட்டியின் `Loudness Normalization`-இலும் இதற்கான டிக் பெட்டி இருக்கிறது. மோனோ ஆக்கிய பிறகு ஒருமுறை கவனமாகக் கேட்பதும் அவசியம். அகலமாக விரித்த ஸ்டீரியோ எஃபெக்ட் எதையாவது போட்டிருந்தால், இரு சேனலும் சேரும்போது ஒன்றையொன்று அழித்து ஒலி மெலிந்துவிடும். எனக்கு ரிவர்ப் மட்டும் கொஞ்சம் சுருங்கியது, மெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். ஒருமுறை கேட்கும்போது அழகாகத் தெரிவது பலமுறை கேட்கும்போது உறுத்தலாம். மேல் ஒலி அப்படித்தான் உறுத்தியது. இன்னும் சற்று இறக்கினேன். மெட்டை வாயால் முணுமுணுத்துப் பாட்டைத் தேடும் வசதியிலும் போட்டுப் பார்த்தேன். ஒத்த பாட்டு எதுவும் வரவில்லை. நான்கு ஸ்வரத்துக்கு இது முழு உத்தரவாதம் ஆகாது, தெரியாமல் ஒரு பிரபலமான பாட்டின் தலையை எடுத்துவிடவில்லை என்பதற்கு மட்டும் உதவும்.

முதல் பாரையும் நான்காவது பாரையும் நேரடியாக ஒட்டி 5 வினாடியில் இன்னொரு கோப்பு செய்தேன். ரிஷபம் உடனே பதிலுக்குப் போய்விடுவதால் நடுவில் பகுதி மாறும் இடத்துக்கு அது பொருத்தமாக இருக்கிறது. நான்காவது பார் மட்டும் தனியாக எபிசோடின் முடிவுக்கு.

கோப்புகளோடு ஒரு சிறு கடிதமும் கொடுத்தேன். இசையை உருவாக்கியவன் நான் என்பதால், எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை என்னிடம்தான் இருக்கும். நட்பில் வாய்வார்த்தையாகக் கொடுப்பதற்கும், நாளை அவள் நிகழ்ச்சியை வேறு ஒருவரிடம் ஒப்படைக்கும்போது காட்ட ஒரு தாள் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கடிதத்தில் இருந்த வரிகள் இவைதான்: "இந்த மூன்று ஒலிக் கோப்புகளையும் உங்கள் பாட்காஸ்டிலும் அதன் விளம்பரங்களிலும், வணிக நோக்கிலும், கால வரம்பின்றி, வெட்டவும் மாற்றவும் உரிமையோடு பயன்படுத்திக்கொள்ளலாம். நிகழ்ச்சியை வேறு ஒருவர் ஏற்று நடத்தினால் இந்த அனுமதி அவருக்கும் செல்லும். இதில் பிறருடைய ஒலிப்பதிவு எதுவும் சேர்க்கப்படவில்லை." கீழே தேதியும் கையெழுத்தும். LMMS திட்டக் கோப்பையும் அதே ஃபோல்டரில் போட்டேன். அறிவிப்பு வரியை அவள் நீட்டினாலோ சுருக்கினாலோ டெம்போவை மட்டும் மாற்றி மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.